சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் ஒரே புதன்கிழமை: நேரசூசி எங்கே முட்டுகிறது?

தை மாதம் பிறந்தால் மட்டக்களப்பில் பாதி பிரதி அதிபர்மாரின் மேசையில் பெரிய கட்டம் போட்ட தாள் விரிந்து கிடக்கும். ஒரே ஆசிரியருக்கு ஒரே பாடவேளையில் இரண்டு வகுப்பு விழுந்துவிட்டது, ஒரே அறைக்கு இரண்டு வகுப்பு போய் நிற்கிறது என்ற பிரச்சினைகள் எல்லாம் அந்தத் தாளில்தான் உருவாகின்றன. கணிதமும் தமிழும்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பாடவேளைகள் அதிகம் என்பதால் அப்படித் தோன்றும். ஆனால் கணித ஆசிரியருக்கு ஒரு வேளை முட்டினால் இன்னொரு வகுப்போடு மாற்றிவிடலாம். உண்மையில் கழுத்தைப் பிடிப்பவை தொகுதிப் பாடங்களும் அழகியலும்தான்.

தரம் 10இல் இரண்டாம் தொகுதிப் பாடங்களாகச் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் ஆகிய நான்கும் இருக்கின்றன, ஒவ்வொரு பிள்ளையும் அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்யும் என்று வைப்போம். 10A, 10B, 10C மூன்றிலும் எல்லாப் பாடங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அதனால் மூன்று வகுப்பும் ஒரே வேளையில் கலைந்து நான்கு இடங்களுக்குப் போக வேண்டும். நேரசூசியில் அது ஒரு சின்னக் கட்டம். ஆனால் அந்த ஒரு கட்டம் மூன்று வகுப்புகளையும், நான்கு ஆசிரியர்களையும், நான்கு இடங்களையும் ஒன்றாகக் கட்டிப்போடுகிறது. நால்வரில் ஒருவர் அந்த வேளையில் இல்லாவிட்டால் தொகுதி முழுவதையுமே அங்கே வைக்க முடியாது.

சமயப் பாடமும் இப்படித்தான். சைவப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கும் பாடசாலைகளில் அந்த வேளைக்கு வகுப்பு பிரிய வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தரம் 6 முதல் 11 வரை ஒவ்வொன்றிலும் மூன்று பிரிவுகள். ஒரு நாளைக்கு 8 பாடவேளைகள், கிழமைக்கு 40. தரம் 10க்கும் 11க்கும் இந்தத் தொகுதி கிழமைக்கு மூன்று வேளை. தரம் 6 முதல் 9 வரை அழகியலும் அதே மாதிரி, தரத்துக்கு மூன்று வேளை, மூன்று பிரிவும் ஒன்றாகக் கலைந்து. மொத்தம் ஆறு தரங்கள், 18 வேளைகள்.

சங்கீத ஆசிரியை வேறு பாடசாலைக்கும் போகிறவர். இங்கே திங்கள், செவ்வாய், புதன் மட்டும் வருகிறார். நடன ஆசிரியையும் அப்படித்தான், அவர் வருவது புதன், வியாழன், வெள்ளி. தனித்தனியே பார்த்தால் இருவருக்கும் 24 வேளைகள் உண்டு, தேவை 18தான். அப்பாடா என்று நிம்மதியாக நேரசூசியைத் தொடங்குவார்கள். மூன்று நாள் தாளோடு மல்லுக்கட்டிய பிறகுதான் எங்கேயோ இடிக்கிறது என்று தெரியவரும்.

இடிப்பது இங்கேதான். இருவரும் ஒரே தொகுதிக்குள் இருப்பதால், இருவரும் சேர்ந்து பாடசாலையில் இருக்கும் நாளில் மட்டுமே அந்தத் தொகுதியை வைக்கலாம். அது புதன்கிழமை மட்டும், வெறும் 8 வேளைகள். 18 வேளைகளை அதற்குள் எப்படிச் சுருட்டினாலும் வராது. பத்தாம், பதினோராம் தரங்களின் ஆறு வேளைகளை மட்டும் புதனில் அடைத்தாலும், ஒரே நாளில் மூன்று சங்கீத வேளை படித்த பிள்ளை அடுத்த புதன் வரை பாட்டே இல்லாமல் இருக்கும்.

சரி, நடன ஆசிரியையைச் செவ்வாய், புதன், வியாழன் வரச் சொன்னால்? பொது நாட்கள் இரண்டாகிவிடும், பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். 16 வேளைகள்தான் கிடைக்கும், இன்னும் இரண்டு போதாது. இந்த இடத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இருவரும் அதே மூன்று நாட்கள் வருவதற்கு மற்றப் பாடசாலை அதிபர்களோடும் வலயக் கல்வி அலுவலகத்தோடும் பேசுவது. இன்னொன்று, தரம் 6க்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போதே அழகியல் பாடத்தை வைத்துப் பிரிவுகளை அமைப்பது. 6A சங்கீதம், 6B நடனம், 6C சித்திரம் என்று அமைத்தால் அந்தத் தரம் தொகுதியாகக் கலைய வேண்டியதில்லை. 6Aக்குச் சங்கீதத்தைத் திங்களும் 6Bக்கு நடனத்தை வியாழனும் வைக்கலாம். பொது நாட்களில் தேவை 15 ஆகக் குறையும், 16க்குள் அடங்கும். ஆனால் ஒரே ஒரு வேளைதான் மிச்சம் என்பதால் மிகவும் இறுக்கமாக இருக்கும். பிள்ளையின் விருப்பம் அடிபடுவதும் உண்டு. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், இரண்டு தொலைபேசி அழைப்புகளில் முடிகிற காரியம் அது. ஆனால் அந்தப் பேச்சு நேரசூசி போடுவதற்கு முன்னர் நடக்க வேண்டும். போட்ட பிறகு நாள் மாறினால் எல்லாம் தலைகீழ்.

இதே எண்ணிக்கையை இடங்களுக்கும் செய்துபாருங்கள். உயர்தரமும் உள்ள பாடசாலையில் ஒரே ஒரு கணினி ஆய்வுகூடம் என்றால், தரம் 6 முதல் 9 வரை 12 வகுப்புகளுக்கு இரண்டு வேளை வீதம் 24, பத்துக்கும் பதினொன்றுக்கும் ஆறு, உயர்தரத்தின் இரண்டு வருடங்களுக்கும் எட்டெட்டாக 16. மொத்தம் 46. கிழமையில் இருப்பதே 40. எந்த மென்பொருளாலும் இதை அடுக்க முடியாது. கீழ்த் தரங்களுக்கு ஒரு வேளை ஆய்வுகூடத்திலும் மற்றது வகுப்பறையிலும் என்று முடிவெடுத்தால் 34 ஆகும், மூச்சுவிட இடம் கிடைக்கும்.

நாடகத்துக்கு இடம் எது என்று கேட்டால் வேப்பமரத்தடி என்பார்கள். பங்குனியில் சரி. மாரியில் அந்த வகுப்பு எங்கே போகும் என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் மழை நாளில் நடன வகுப்பு நடக்கும் மண்டபத்துக்குள் நுழைந்துவிடும்.

எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகு சரிபார்ப்பு. வகுப்பு வாரியாகப் போட்ட கட்டத்தில் வகுப்பு முட்டாது, ஏனென்றால் ஒரு கட்டத்தில் ஒன்றைத்தான் எழுத முடியும். ஆசிரியர் முட்டுவது அங்கே கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் பெயர் இரண்டு தாள்களில் இருக்கும். அதனால் எக்செல்லில் இன்னொரு பட்டியல் தேவை. A நாள், B வேளை, C வகுப்பு, D பாடம், E ஆசிரியர், F இடம். தொகுதிப் பாடத்தை மூன்று பிரிவுக்கும் மூன்று வரியாக எழுதாமல் ஆசிரியருக்கு ஒரு வரியாக எழுதுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் சங்கீத ஆசிரியை மூன்று இடத்தில் இருப்பதாகப் பொய்யாகக் காட்டும். பிறகு G2இல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடலாம்:

```
=COUNTIFS($A$2:$A$800,A2,$B$2:$B$800,B2,$E$2:$E$800,E2)
```

ஒன்றுக்கு மேல் வந்த வரியில் ஆசிரியர் முட்டுகிறார். E என்பதற்குப் பதில் F போட்டால் இடம் முட்டுவது தெரியும். ஒரு எச்சரிக்கை: பெயரை ஒரு இடத்தில் ஒரு விதமாகவும் இன்னொரு இடத்தில் வேறு விதமாகவும் எழுதியிருந்தால், அல்லது பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டியிருந்தால், கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். மோதல் மறைந்துபோகும். பெயரை விட்டு T01, T02 என்று குறியீடு கொடுப்பது நல்லது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும் ஆசிரியர்களுக்கும், படுவான்கரைக்கு வாவியைக் கடந்து வருவதால் முதல் வேளைக்குத் தாமதமாகிறவர்களுக்கும், அந்த வேளைகளுக்கு "இல்லை" என்று ஒரு வரியை முதலிலேயே போட்டுவிடுங்கள். அங்கே யாராவது பாடம் வைத்தால் அதே சூத்திரம் 2 என்று காட்டிவிடும்.

அப்புறம், வருட நடுவில் இடமாற்றம் வரும். போகிறவர் தொகுதியில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தொகுதியின் நேரத்தை அசைக்காதீர்கள், மற்ற மூவரும் மூன்று வகுப்பும் சேர்ந்து அசைவார்கள். புதிதாக வருபவர் அந்த வேளைகளில் இருப்பாரா என்று கேட்டுவிட்டு, பட்டியலில் பழைய குறியீட்டின் கீழ் அவரை எழுதினால் போதும். அவர் வரும் நாட்கள் வேறு என்றால் மட்டும், மேலே போட்ட பொது நாள் கணக்கை இன்னொரு முறை போட வேண்டும்.