பத்துக்குள் அடங்காத எட்டு

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் பக்கத்து வீட்டு மாமாவுக்கு, காணி உறுதியை ஸ்கேன் செய்து ஓர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பும் வேலை வந்தது. பதினான்கு பக்கம். கொமினிகேஷன் கடையில் கொடுத்து ஒரே பிடிஎஃப் கோப்பாக வாங்கிவிட்டார். கோப்பின் அளவு 7.8 மெகாபைட். அலுவலகத்தில் 10 மெகாபைட் வரை அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார்கள். அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது.

"எட்டுக்கும் குறைவுதானே தம்பி, பத்துக்குள்ள ஏன் அடங்கல்ல?" என்று அலைபேசியை நீட்டினார். திரும்பி வந்த கடிதத்தின் நடுவில் இந்த வரி இருந்தது:

```
message size 11235914 exceeds size limit 10240000 of server
```

பாதிப் பதில் இந்த வரியிலேயே இருக்கிறது. கணினி 1,048,576 பைட்டை ஒரு மெகாபைட்டாக எண்ணுவதால், மாமா அனுப்பிய கோப்பு ஏறத்தாழ 82 இலட்சம் பைட். சேர்வர் எண்ணிப் பார்த்ததோ 112 இலட்சத்துக்கு மேல். நடுவில் 30 இலட்சம் பைட் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

மின்னஞ்சலைச் சேர்வருக்குச் சேர்வர் கொண்டுபோகும் எஸ்எம்டிபி முறையை 1982இல் ஜோன் போஸ்டல் எழுதி வைத்தார். அது எழுத்துகளை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் 7 பிட்தான். ஆங்கில எழுத்து, இலக்கம், சில குறிகள் ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும். கடிதம் வரி வரியாகப் போகும். ஒரு வரி ஆயிரம் எழுத்தைத் தாண்டக்கூடாது. ஒரு வரியில் தனியாக ஒரு புள்ளி மட்டும் வந்தால் கடிதம் முடிந்தது என்று அர்த்தம்.

இந்த வழியில் ஒரு போட்டோவை அப்படியே தள்ளிவிட்டால் என்ன ஆகும்? ஜேபெக் கோப்பு ஒவ்வொன்றும் `FF D8` என்ற இரண்டு பைட்டுடன் தொடங்கும். எட்டாவது பிட்டை வெட்டிவிடும் பழைய சேர்வர் ஒன்று வழியில் இருந்தால், அது `7F 58` ஆகிப் போய்ச் சேரும். முதல் இரண்டு பைட்டே பிழைத்துவிட்டால் அதைப் படம் என்று எந்தக் கணினியும் ஏற்காது. அதோடு படத்தின் நடுவே தற்செயலாக வரும் சில பைட்டுகளை, புதிய வரி தொடங்குகிறது என்று சேர்வர் தப்பாக எடுத்துக்கொள்ளும்.

1992இல் நதானியேல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது வழியை மாற்றவில்லை, சரக்கை மாற்றினார்கள். எந்தக் கோப்பாக இருந்தாலும் அதைச் சாதாரண எழுத்து வேடத்தில் அனுப்பு, மறுகரையில் வேடத்தைக் கலை என்பதுதான் ஏற்பாடு. அந்த வேடத்துக்கு பேஸ்64 என்று பெயர். `A` முதல் `Z`, `a` முதல் `z`, பத்து இலக்கங்கள், `+`, `/` என மொத்தம் 64 குறிகள். எந்தப் பழைய இயந்திரத்திலும் சேதமாகாமல் போகக்கூடியவை என்பதால் இவற்றைத் தேர்ந்தார்கள்.

64 குறிகளால் 6 பிட்டைத்தான் சொல்ல முடியும். கோப்பில் இருப்பதோ 8 பிட் கொண்ட பைட்டுகள். அதனால் மூன்று பைட்டை எடுத்து, அதிலுள்ள 24 பிட்டை ஆறு ஆறாக நான்கு துண்டாக வெட்டுகிறார்கள். நமக்கு வசதியாக, தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யுடிஎஃப்-8 முறையில் சரியாக மூன்று பைட் பிடிக்கும். மட்டக்களப்பின் 'ம'வையே எடுத்துக்கொள்வோம்:

```
E0       AE       AE
11100000 10101110 10101110
111000 001010 111010 101110
56     10     58     46
4      K      6      u
```

மூன்று பைட் உள்ளே போனது, `4K6u` என்று நான்கு வெளியே வந்தது. அடுத்து வரும் 'ட' `4K6f` ஆகும், மெய்யாக்கும் புள்ளி `4K+N` ஆகும். தமிழ்க் கடிதம் ஒன்றின் மூலவடிவத்தைத் திறந்து பார்த்து, `4K6`, `4K+` என்று திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு வைரஸ் என்று பயந்த ஒருவரை எனக்குத் தெரியும். அது பாவம், நம்முடைய தமிழ்தான்.

ஆக மூன்றுக்கு நான்கு. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆனால் மாமாவின் கோப்பு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வீங்கியிருந்தது. காரணம், பேஸ்64 எழுத்துகளையும் வரிகளாக வெட்டவேண்டும். மைம் விதிப்படி ஒரு வரிக்கு 76 எழுத்துதான். ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு பைட் சேரும். அதாவது 57 பைட் கோப்பு 78 பைட்டாகிறது. எருமைத் தயிரைச் சட்டியோடு நிறுப்பது மாதிரி. என்ன, இந்தச் சட்டி தயிரின் அளவுக்கு ஏற்பத் தானும் வளரும்.

கணக்குப் போடுவோம். கோப்பு 8,208,000 பைட் என்று வையுங்கள். 57ஆல் வகுத்தால் 144,000 வரி. ஒவ்வொன்றும் 78 பைட் என்றால் 11,232,000. மீதியுள்ள ஏறத்தாழ நாலாயிரம் பைட், அனுப்புநர் முகவரி, தலைப்பு, மாமா எழுதிய இரண்டு வரி ஆகியவற்றுக்கு. திரும்பி வந்த வரியில் இருந்த எண் வந்துவிட்டது.

சேர்வர் பார்ப்பது இந்த வீங்கிய எடையைத்தான். 10,240,000 என்ற எல்லைகூட அந்த அலுவலகம் யோசித்து வைத்ததாக இராது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளை நிறுவினால் அது தானாகவே வைத்துக்கொள்ளும் எல்லை அதுதான். அதையே "பத்து மெகாபைட்" என்று மனிதர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். ஜிமெயில் இதில் நேர்மையானது. அதன் சேர்வர் பல ஆண்டுகளாக `250-SIZE 35882577` என்று அறிவித்துவந்தது. இது என்ன விசித்திரமான எண் என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். 25 மெகாபைட், அதாவது 26,214,400 பைட்டை 78ஆல் பெருக்கி 57ஆல் வகுத்து, தலைப்புகளுக்கு 10,240 சேர்த்தால் அச்சொட்டாக அதே எண். சட்டியின் எடையை அவர்களே கழித்துவிட்டிருக்கிறார்கள்.

இன்றைக்குப் பெரும்பாலான சேர்வர்கள் 8 பிட்டை வெட்டாமல் வாங்கிக்கொள்ளும். ஆனாலும் வரி நீள விதி இருந்துகொண்டே இருக்கிறது. கோப்பை அப்படியே அனுப்பவும் ஒரு நீட்சி உண்டு, ஆனால் வழியிலுள்ள எல்லாச் சேர்வருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் பழைய வேடம்தான். அதனால் அஞ்சல் செயலிகள் அந்த வம்புக்கே போவதில்லை.

கடைத் தம்பி முதலில் ஸிப் செய்து பார்த்தார். 7.8 என்பது 7.7 ஆனது, அவ்வளவுதான். ஸ்கேன் பக்கங்கள் பிடிஎஃப்புக்குள் ஏற்கெனவே ஜேபெக்காகச் சுருக்கப்பட்டவை. பிழிந்த தேங்காய்ப்பூவில் மறுபடி எவ்வளவு பால் வரும்? பிறகு 300 டிபிஐ வண்ணத்துக்குப் பதில் 200 டிபிஐ சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்தோம். புள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கும், வண்ணத் தகவலும் போய்விடும். முத்திரையும் கையெழுத்தும் தெளிவாகவே இருந்தன. கோப்பு 3 மெகாபைட்டுக்குச் சற்று மேல். போய்ச் சேர்ந்துவிட்டது.

"அப்ப ஏழு எண்டா போகுமா?" என்று மாமா விடவில்லை. போகும். கணினி 7 மெகாபைட் என்று காட்டும் கோப்பு ஏறத்தாழ 10,044,000 பைட்டாகப் போகும், எல்லைக்குள் மட்டுமட்டாக நிற்கும். 7.2 போகாது.