ஒரே தேடல், இரண்டு வரிசை

"ஒரே சொற்களைத் தேடி, பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் முதலிடமும் இரண்டாமிடமும் மாறிக்கொள்கின்றன. நடுவில் யாரும் எதையும் தொடவில்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்தும் பலனில்லை" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ரீஸ்டார்ட் என்பது எங்கள் தொழிலின் எலுமிச்சம்பழம், அதை விட்டுவிடுவோம். அவர் பயன்படுத்துவது எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள். அதன் உள்ளே வேலை செய்வது லூசீன் என்ற நிரல் நூலகம்.

புத்தகக் கடைசியில் இருக்கும் சொல்லடைவுதான் அடிப்படை. மூன்று சமையல் குறிப்புகளின் தலைப்புகள்: 1. பழைய புளி ரசம், 2. மிளகு ரசம், 3. மிளகு குழம்பு. இவற்றின் சொல்லடைவில் ஒரு பகுதி:

```
புளி   → 1
மிளகு → 2, 3
ரசம்   → 1, 2
```

இப்போது மூன்றாவதை 'பூண்டு குழம்பு' என்று திருத்துகிறோம். 'மிளகு' வரியிலிருந்து 3ஐ அழித்தால் போதும் என்று தோன்றும். லூசீன் அதைச் செய்யாது. எண்களை வரிசைப்படுத்தி, இறுக்கிச் சுருக்கி, செக்மென்ட் என்ற கோப்புத் தொகுப்பாக எழுதிவிட்டால் அதன் பட்டியல்களை அது மறுபடி தொடுவதில்லை. தொடாததால்தான் பலர் ஒரே நேரத்தில் பூட்டில்லாமல் படிக்க முடிகிறது. ஆகவே 3க்கு எதிரே 'இறந்தது' என்று தனியாக ஒரு பிட் குறிக்கப்படும். திருத்திய குறிப்பு புதிய செக்மென்டில் 4 ஆகச் சேரும். தேடும்போது 3 வடிகட்டப்பட்டுவிடும். பின்னொரு நாள் செக்மென்டுகள் இணைக்கப்படும்போதுதான் 3 உண்மையிலேயே மறையும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: செத்த பதிவுக்கும் அதுவரை ஓட்டுரிமை உண்டு. அரிதான சொல்லுக்கு எடை அதிகம் என்பது காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் சொன்ன யோசனை. முடிவுகளை வரிசைப்படுத்த லூசீன் மதிப்பெண் போடும் BM25 சூத்திரத்தில் அது இப்படி வரும்:

```
idf = ln(1 + (N - n + 0.5) / (n + 0.5))
```

N மொத்தப் பதிவுகள், n அந்தச் சொல் உள்ளவை. இரண்டு எண்ணிக்கையிலும் இறந்தவை கழிக்கப்படுவதில்லை. 'மிளகு', 'புளி' இரண்டில் எது இருந்தாலும் சரி என்று தேடுவோம். இணைப்புக்கு முன் N = 4; மிளகின் எடை 0.69, புளியின் எடை 1.20. தலைப்பின் நீளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் மதிப்பெண்: புளி ரசம் 0.48, மிளகு ரசம் 0.33. இணைப்புக்குப் பின் N = 3; இரு சொற்களுக்கும் எடை 0.98. சிறிய தலைப்புக்குச் சலுகை உண்டு என்பதால் மிளகு ரசம் 0.47, புளி ரசம் 0.40. வரிசை புரண்டுவிட்டது!

வாசகரிடம் ஒரே தரவின் இரண்டு நகல்கள் இரு சர்வர்களில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்போக்கில் இணைக்கிறது. தேடல் ஒருமுறை இங்கே, மறுமுறை அங்கே போகிறது. `_cat/segments` பட்டியலில் `docs.deleted` எண் நகலுக்கு நகல் வேறாக இருந்தால் நோய் இதுவேதான். தேடலோடு `preference` என்று பயனரின் செஷன் அடையாளத்தை அனுப்பினால் அவர் பொதுவாக ஒரே நகலுக்குப் போவார். செக்மென்டுகளை உடனே இணைக்கச் சொல்லும் `_forcemerge` ஆசை காட்டும். இனி எழுதப்படாத தரவுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். தொடர்ந்து திருத்தப்படும் தரவில் அது உருவாக்கும் பெரிய செக்மென்டைத் தானியங்கி இணைப்பு நெடுங்காலம் ஒதுக்கியே வைக்கும். அதற்குள் புதிதாகச் செத்தவையும் அங்கேயே கிடக்கும்.