பின்னால் எழுதிய ஒப்புதல் கடிதம் உங்களைக் காப்பாற்றாது

போன வாரமும் ஒருவர் அதே கடிதத்தோடு வந்தார். "சார், அவங்களே ஏத்துக்கிட்டாங்க. கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு. கேஸ் போட்டா ஜெயிச்சுடலாம்ல?" கடிதத்தைப் படிக்கும் முன்பே நான் கேட்டது ஒன்றுதான்: "நீங்க யாருக்கு வித்தீங்க?" பதில் எனக்குத் தெரிந்ததுதான். முகவருக்கு, அவருடைய சொந்தப் பெயரில். பின்னால் ஒரு கம்பெனி இருப்பதே விற்றவருக்கு அன்று தெரியாது.

நடந்தது இது. அந்தக் கம்பெனி முகவரிடம் 40 டன் காகிதம் வாங்கச் சொல்லியிருந்தது. முகவர் 60 டன்னுக்கு ஒரே ஒப்பந்தம் போட்டார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை, கையெழுத்து அவருடைய பெயரில். மனதுக்குள் கம்பெனிக்காகத்தான் வாங்கினார், அதில் சந்தேகமில்லை. மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் கம்பெனி, "பரவாயில்லை, 60 டன்னையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று முகவருக்குக் கடிதம் எழுதியது. சில நாளில் காகித விலை சரிந்தது. கம்பெனி கைவிரித்தது. முகவரிடம் பணம் இல்லை. விற்றவர் சரக்கைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு, நஷ்டத்துக்கு யார்மீது வழக்குப் போடலாம் என்று கேட்டு வந்திருக்கிறார்.

அவர் மட்டுமல்ல, கணக்கு வழக்கில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்கூட நம்பும் விஷயம் இது: அதிகாரம் இல்லாமல் முகவர் செய்ததை அவரை அமர்த்தியவர் பின்னால் ஏற்றுக்கொண்டால் எல்லாம் நேராகிவிடும். சட்டம் அமர்த்தியவரை முதல்வர் என்கிறது, அவர் பின்னால் ஏற்பதைப் பின்னேற்பு என்கிறது. பின்னேற்புக்கு உண்மையிலேயே வலு உண்டு. செல்லுபடியான பின்னேற்பு, ஒப்பந்தம் நடந்த நாளிலேயே அதிகாரம் இருந்ததுபோல் ஆக்கிவிடும். ஆனால் அதற்கு ஒரு நுழைவுச் சீட்டு வேண்டும். ஒப்பந்தம் செய்தபோது முகவர் "நான் இன்னொருவருக்காகச் செய்கிறேன்" என்று எதிரே இருப்பவருக்குக் காட்டியிருக்க வேண்டும். மனதுக்குள் நினைத்தது போதாது. டைரியில் எழுதி வைத்தாலும் போதாது. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் போதாது. விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும், "ஆனா சார், அவர் எங்களுக்காகத்தானே வாங்கினார்?" என்ற கேள்வி திரும்பி வருகிறது. ஆமாம், உங்களுக்காகத்தான். சொல்லவில்லையே!

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1901-இல், அன்று இங்கிலாந்தின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்து வைத்த விஷயம். வழக்கின் பெயர் கீக்லி மேக்ஸ்டெட் எதிர் டுரான்ட். ராபர்ட்ஸ் என்ற தானிய வியாபாரிக்கு, தனக்கும் கீக்லி மேக்ஸ்டெட் நிறுவனத்துக்கும் கூட்டாகக் கோதுமை வாங்க ஒரு குறிப்பிட்ட விலைவரை அதிகாரம் இருந்தது. அவர் அதைவிடக் கூடுதல் விலைக்கு டுரான்ட்டிடம் வாங்கினார். கூட்டுக் கணக்குக்கு என்று நினைத்தாலும் தன் பெயரிலேயே வாங்கினார். பிறகு நிறுவனமும் அந்த விலைக்குச் சம்மதித்தது. ஆனால் சரக்கை யாரும் எடுக்கவில்லை. டுரான்ட் அதை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு நிறுவனத்தின்மீதும் வழக்குத் தொடுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. ஒருவர் வெளியே சொல்லாமல் மனதில் வைத்திருந்த எண்ணத்தின்மேல் ஒப்பந்தக் கடமையைக் கட்ட முடியாது என்பதே சாரம். காகிதத்தை எடுத்துவிட்டுக் கோதுமையை வையுங்கள், என் கட்சிக்காரரின் கதை அதேதான்.

"அப்போ மறைந்திருக்கும் முதல்வர்மீது வழக்கே போட முடியாதா?" போட முடியும். குழப்பம் பிறப்பதே இங்கேதான். ஒப்பந்தம் செய்த நேரத்தில் முகவருக்கு உண்மையான அதிகாரம் இருந்திருந்தால், முதல்வர் யாரென்று விற்றவருக்குத் தெரியாவிட்டாலும், தெரிய வந்தபின் அவரைப் பொறுப்பாக்கலாம். முதல்வரும் முன்வந்து விற்றவர்மீது வழக்குத் தொடுக்கலாம், ஒப்பந்தத்தின் வாசகம் அதற்கு இடம் கொடுத்தால். ஆக, கையெழுத்துக்கு முன் பிறந்த அதிகாரம் மறைந்திருந்தாலும் வேலை செய்யும். கையெழுத்துக்குப் பின் வந்த சம்மதம், முதல்வர் மறைந்திருந்தால், வேலை செய்யாது. அதனால்தான் நான் கடிதத்தை ஒதுக்கிவிட்டு, கையெழுத்துக்கு முந்தைய நாள் வாட்ஸ்அப், மின்னஞ்சல், தொலைபேசிப் பதிவு எல்லாம் கேட்கிறேன். "60 டன்னும் வாங்கிக்கோ" என்று ஒரே ஒரு செய்தி கையெழுத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போயிருந்தால்கூட வழக்கின் முகமே மாறும். இந்த வழக்கில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

சரி, 40 டன்னுக்காவது கேட்கலாமே? நல்ல கேள்வி. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 228-ஆம் பிரிவில் இதற்கு ஓர் உதாரணமே தருகிறது. 500 செம்மறியாடு வாங்கச் சொன்னால், முகவர் 500 ஆட்டோடு 200 குட்டியையும் சேர்த்து 6,000 ரூபாய் என்ற ஒரே தொகைக்கு வாங்குகிறார். அமர்த்தியவர் முழுப் பேரத்தையும் நிராகரிக்கலாம். அதிகாரத்துக்கு உட்பட்டதும் மீறியதும் பிரிக்க முடியாமல் கலந்துவிட்டால் கதி இதுதான். டன்னுக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் வாதாடவாவது இடம் இருந்திருக்கும்.

வெளித்தோற்றத்தால் வரும் அதிகாரம் பற்றியும் கேட்பார்கள். முதல்வரின் நடத்தையைப் பார்த்து, "இவர் அவருடைய ஆள்" என்று நீங்கள் நம்பியிருந்தால்தான் அது பிறக்கும். முதல்வர் இருப்பதே தெரியாதவர் எதை நம்பினார்? 1893-இன் வாட்டோ எதிர் ஃபென்விக் வழக்கைச் சில இளம் வழக்கறிஞர்கள் ஆர்வமாக எடுத்து வருவார்கள். ஒரு மதுக்கடையை உரிமையாளர் சார்பில் நடத்திய மேலாளர், தடையை மீறிச் சுருட்டும் மாட்டிறைச்சிச் சாறும் கடனுக்கு வாங்கினார். வாசல் பலகையில் மேலாளர் பெயர்தான் இருந்தது. அப்படியும் மறைந்திருந்த உரிமையாளர் பொறுப்பானார். ஆனால் அந்தத் தீர்ப்பு அன்றிலிருந்தே கடுமையாக விமர்சிக்கப்படுகிறது. அதை மட்டும் நம்பி ஒரு கட்சிக்காரரின் செலவை ஏற்ற நான் தயாரில்லை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். விற்பவர் கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இது உங்களுக்கா, வேறு யாருக்காவதா?" வேறு யாருக்கோ என்றால் அந்தப் பெயர் ஒப்பந்தத்தில் ஏறட்டும், அதிகாரக் கடிதத்தைப் பார்த்துவிடுங்கள். வாங்கச் சொல்பவர், எல்லையை உயர்த்துவதாக இருந்தால் முகவர் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் உயர்த்துங்கள். முகவர்களே, சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டால் பணம் கட்ட வேண்டியது முதலில் நீங்கள்தான், கம்பெனி கைவிட்டால் நீங்கள் மட்டும்தான்.

தவறு ஏற்கெனவே நடந்துவிட்டதா? பின்னேற்புக் கடிதம் கேட்டு அலையாதீர்கள். விலை சரிவதற்கு முன், எல்லோரும் இன்னும் சிரித்துப் பேசும் நாளிலேயே, விற்றவர், முகவர், கம்பெனி மூவரும் உட்கார்ந்து புதிய ஒப்பந்தம் போடுங்கள். பழைய ஒப்பந்தம் முடிந்தது, இனி வாங்குபவர் கம்பெனி, பணம் தருவதும் கம்பெனி என்று எழுதுங்கள். மூன்று கையெழுத்தும் இருக்கட்டும். கம்பெனி எழுதும் எந்தக் கடிதமும் முகவருக்கு அல்ல, விற்றவருக்கு முகவரியிடப்பட்டதாக இருக்க வேண்டும். என் கட்சிக்காரர் கையில் இருந்த கடிதம் முகவருக்கு எழுதியது. அதன் நகலைத்தான் அவர் பத்திரமாக லேமினேட் செய்து வைத்திருந்தார்.