'துணை மாறி'ன்னு எழுதாதீங்க, அது கருவி மாறி

ஒண்ணால இன்னொண்ணு மாறுதான்னு புள்ளியியல்ல கண்டுபிடிக்கப் பயன்படுத்தற இன்ஸ்ட்ருமென்டல் வேரியபிளுக்கு இன்னொரு மொழிபெயர்ப்புப் பாடத்துலயும் 'துணை மாறி'ன்னு பார்த்தேன், இதோட எத்தனாவது தடவைன்னு தெரியல, அதான் எழுதிடலாம்னு.

வரலாறு சின்னது. 1928லயே பொருளாதார அறிஞர் பிலிப் ரைட் ஆளி விதை சந்தைக்கு இந்த முறையைப் போட்டுக் காட்டிட்டார், பேர் வந்தது 1940கள்ல, ரெய்ர்சோல் எழுத்துல. தமிழ்ல 'கருவி மாறி'. பேசும்போது 'கருவி மாறிப்போச்சா'ன்னு கேக்கற மாதிரி இருக்கும், அது ஒண்ணுதான் குறை.

துணைன்னா கூடவே வர்றது. அந்தப் பேரைப் படிச்ச பையன் அதை கன்ட்ரோல் வேரியபிள் மாதிரி சமன்பாட்டுல பக்கத்துல தூக்கி வச்சிடுவான், ஒரு பையன் அப்படியே வச்சு என்கிட்ட கொண்டு வந்தான். வேலை அங்கேயே கெட்டுச்சு.

பொருளாதார அறிஞர் ஆங்ரிஸ்ட் 1990ல எழுதின வியட்நாம் போர் பேப்பரை எடுத்துக்குங்க. ராணுவத்துக்குப் போனதால அப்புறம் சம்பளம் குறைஞ்சுதாங்கறது கேள்வி. போனவனையும் போகாதவனையும் நேரா ஒப்பிட முடியாது, ஏன்னா போனவன் ஆரம்பத்துலயே வேற மாதிரி ஆளா இருக்கலாம். ஆனா அமெரிக்காவுல பிறந்தநாளை வச்சு லாட்டரி குலுக்கினாங்க, சின்ன எண் விழுந்தவனைத்தான் கூப்பிட்டாங்க, அந்த எண்தான் இங்க கருவி. 1950ல பிறந்த வெள்ளை ஆண்கள்ல, கூப்பிடற வரம்புக்குள்ள எண் விழுந்தவங்க ராணுவத்துக்குப் போன விகிதம் மத்தவங்களைவிட 0.159 அதிகம், 1981ல அவங்க சராசரி வருமானம் சுமார் 436 டாலர் கம்மி. அந்தக் குறைவு முழுக்க கூடுதலா போன 0.159 பங்கு ஆளுங்களாலதான்னு எடுத்துக்கிட்டு, 436ஐ 0.159ஆல வகுத்தா ஏறக்குறைய 2,740 டாலர், அதுதான் ராணுவ சேவையால வருஷத்துக்கு ஏற்பட்ட இழப்பு, அதுவும் எண் விழுந்ததால மட்டுமே போனவங்களுக்கு.

இப்ப நம்ம இலக்கணத்தைப் பாருங்க, மூன்றாம் வேற்றுமை 'ஆல்', அதுல கருவிப் பொருள்னு ஒண்ணு இருக்கு, 'வாளால் வெட்டினான்'. 'எண்ணால் ராணுவம் போனான்', அதே ஆல்தான்! துணைன்னா 'ஓடு' வந்துடும், 'எண்ணோடு போனான்'னா என்ன அர்த்தம்?

கருவி செல்லுமாங்கற வாதமும் இந்த ஆல்லதான் நிக்குது. எண் சம்பளத்தைத் தொடணும்னா ராணுவம் வழியாத்தான் தொடணும். இங்கதான் சிக்கல்: ஆள் எடுப்புலேருந்து தப்பிக்க சிலர் காலேஜ்லயே தங்கினாங்க, அப்படின்னா எண் படிப்பு வழியாவும் சம்பளத்துக்குப் போகுது, ரெண்டாவது பாதை திறந்துடுச்சு. இதை எந்த டெஸ்டும் நேரா நிரூபிக்காது, படிப்புல எவ்வளவு வித்தியாசம் வந்துச்சுன்னு எடுத்துக் காட்டி வாதாடத்தான் முடியும். ஆனா நம்மாளுங்க 'எஃப் மதிப்பு பத்துக்கு மேல, அதனால கருவி செல்லும்'னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. எஃப் சொல்றது எண்ணுக்கும் ராணுவத்துக்கும் தொடர்பு பலமா இருக்குன்னு மட்டும்தான், ரெண்டாவது பாதை பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது.

இதுல அந்த 'ராணுவம் வழியாத்தான் தொடணும்'ங்கற நிபந்தனைக்கு 'விலக்கு'ன்னு வேற மொழிபெயர்ப்பு, வரிவிலக்கு மாதிரி. 'வேறு வழியின்மை'ன்னு போட்டா என்ன கெட்டுது?