புள்ளி நிரவல்: ‘துல்லியமாக்கல்’ ஏன் பொருந்தாது?

சேலத்தில் நடந்த நில அளவைப் பயிற்சி ஒன்றில், ஓரிடத்தில் அசையாமல் நின்று கைபேசி காட்டும் ஆயத்தொலைவுகளைச் சில நிமிடங்கள் தொடர்ந்து பதிந்து, அவற்றின் சராசரியை அந்தப் புள்ளியின் இருப்பிடமாகக் கொள்ளும் முறையை ‘இருப்பிடத் துல்லியமாக்கல்’ என்று அன்று முழுவதும் சொன்னார்கள். பிறகு செயலி விளக்கங்களிலும் அதே சொல்லைக் கண்டேன். இந்தப் பெயர் தவறு என்பதோடு, வயலில் நிற்பவரைத் தவறான முடிவுக்கும் இட்டுச் செல்லக் கூடியது.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘துல்லியம்’ வடமொழித் ‘துல்ய’ என்பதிலிருந்து வந்தது. துலாக்கோலில் சமமாக நிற்பது என்பது அதன் அடிப்படை. ‘சராசரி’ பாரசீகத்திலிருந்து வந்து, நம் பள்ளிக் கணக்கில் நிலைத்துவிட்ட சொல்.

துல்லியம் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருள்களில் ஆள்கிறோம் என்பதே சிக்கலின் வேர். அளவுகள் ஒன்றோடொன்று நெருங்கியிருப்பதும் துல்லியம், அளவு உண்மைக்கு நெருங்கியிருப்பதும் துல்லியம் என்கிறோம். நின்று எடுக்கும் சராசரி முதலாவதைத்தான் உறுதியாகத் தரும். இரண்டாவதை அது ஓரளவே தரும். சில நேரம் சிறிதும் தராது.

ஏற்காட்டில் என் மைத்துனரின் காப்பித் தோட்டத்து எல்லைக்கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒருபுறம் சில்வர் ஓக் மரங்களும் மறுபுறம் பாறைச் சரிவும் இருக்கின்றன. காலை ஒன்பது மணிக்குக் கைபேசியைக் கல்லின்மேல் வைத்து, முதல் இரண்டு நிமிட அளவுகளைத் தள்ளிவிட்டு, நொடிக்கு ஒன்றாகப் பத்து நிமிடம் பதிந்தேன். கிடைத்த 600 அளவுகளும் ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலத்துக்குள் அடங்கின. பிற்பகலில் அதே கல்லின்மேல் அதே முறையில் எடுத்த சராசரி, காலைச் சராசரியிலிருந்து அட்சரேகையின் ஐந்தாம் தசம இடத்தில் நான்கு அலகு வடக்கே தள்ளி நின்றது. அங்கே ஓர் அலகு 1.1 மீட்டர் என்பதால், வேறுபாடு நாலரை மீட்டரை நெருங்குகிறது. ‘துல்லியமாக்கப்பட்ட’ இரு புள்ளிகளும் ஒருசேரச் சரியாக இருக்க முடியாது.

காரணம் எளியது. பாறையில் பட்டுத் திரும்பி வரும் செயற்கைக்கோள் அலையும், வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தால் ஏற்படும் தாமதமும் நொடிக்கு நொடி மாறுவதில்லை; பத்து நிமிடமும் ஏறக்குறைய ஒரே பக்கம் இழுக்கின்றன. ஆகவே 600 அளவுகள் 600 தனிச் சாட்சிகள் ஆகா. போதாக்குறைக்கு, அசையாத கைபேசியின் மென்பொருளே அளவை மென்மையாக்கிவிடுகிறது. சில கருவிகளில் எண் மாறாமல் உறைந்து நிற்பதும் உண்டு. எண் அசையாதிருப்பதைப் பார்த்து, ‘துல்லியமாகிவிட்டது’ என்று பயிற்சி பெற்றவர் எழுந்துவிடுவார். சொல் செய்யும் கேடு அதுதான். செய்யும் செயலைப் பார்த்துப் பெயரிடாமல், கிடைக்கும் என்று விளம்பரம் சொல்லும் பலனைப் பார்த்துப் பெயரிடும் மொழிபெயர்ப்பாளர்கள் இத்தகைய சொற்களை வரிசையாகத் தந்துகொண்டே இருக்கிறார்கள்.

தனித்தமிழ் அன்பர்கள் சொல்லும் ‘இடையளவு’ என்பதையும் ஏற்கத் தயங்குகிறேன். புள்ளியியல் பாடத்தில் ‘இடைநிலை அளவு’ என்பது வேறொன்று, இரண்டும் குழம்பும். ‘புள்ளிச் சராசரி’ பிழையற்றது. அதை எழுதுவோரிடம் எனக்கு வழக்கில்லை.

ஆனாலும் என் மனம் ‘நிரவல்’ என்ற சொல்லையே நாடுகிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் இட்டு வயலைச் சமமாக்குவதை நிரவுதல் என்கிறோம். கூட்டி வகுத்துக் காணும் சராசரியும் அளவுகளின் மேடுபள்ளத்துக்கு அதையே செய்கிறது. அதைவிட முக்கியமான பொருத்தம் ஒன்று உண்டு. நன்றாக நிரவிய வயலும் வாய்க்காலைவிட உயரமாக இருந்தால் அதில் நீர் ஏறாது என்பதை உழவர் அறிவார். மட்டமாயிருப்பது வேறு, சரியான மட்டத்தில் இருப்பது வேறு என்ற அந்த அறிவு இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது; ‘துல்லியமாக்கல்’ அதை மறைக்கிறது.

பெயர் இப்படி இருந்தால் அடுத்த கேள்வியும் தானே எழும்: எப்போது நிரவியது? ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விட்டு மீண்டும் நிரவினால் செயற்கைக்கோள்கள் இடம் மாறியிருக்கும். இழுப்பும் வேறு பக்கமாகும். மறுநாள் அதே மணிக்குப் போவதால் பயன் குறைவு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் அமைப்பு நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி அப்படியே திரும்பி வருவதால், அதே பாறை அதே கோணத்தில் அலையைத் திருப்பி அனுப்பும். எல்லைக்கல்லின் குறிப்பை நான் இப்போது இவ்வாறு எழுதுகிறேன்: ‘மூன்று வேளை, வேளைக்குப் பத்து நிமிடம் நிரவிய புள்ளி; வேளைகளுக்கிடையே மிகுதியான விலகல் நாலரை மீட்டர்.’