கிதார் விழுங்கும் காந்தாரம்

பெங்களூரின் அல்சூரில் ஒரு மொட்டை மாடி அறையில் என் சித்தி மகனும் அவன் நண்பர்களும் ஞாயிறுதோறும் சிம்பொனிக் மெட்டல் வாசிக்கிறார்கள்; கனத்த கிதாரோடு ஆர்க்கெஸ்ட்ரா ஒலியும் ஆபரா குரலும் சேரும் இசை அது. அவன் கீபோர்டு. போன மாதம் புதிதாக ஒரு பையன் கிதாரோடு வந்தான். டிஸ்டார்ஷன் பெடலை மிதித்து, ஆறு தந்தியையும் சேர்த்து, ஈ, ஜி ஷார்ப், பீ என்ற மூன்று ஸ்வரங்கள் கொண்ட ஈ மேஜர் கார்டை அடித்தான். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு இரைச்சல்தான் கேட்டது. "ஜி ஷார்ப்பை விட்டுடுடா, ஈயும் பீயும் மட்டும் அடி" என்றான் தம்பி. மறு அடியில் அறையே அதிர்ந்தது, ஆனால் ஒலி தெளிவாக இருந்தது.

இந்த இசையில் கீபோர்டு எதற்கு, ஆபரா குரல் எதற்கு, பாட்டு ஏன் அத்தனை நீளம் என்பதற்கெல்லாம் அந்த ஒரு ஸ்வரத்திலிருந்தே விடை தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

டிஸ்டார்ஷன் ஒலி அலையை அளவுக்கு மீறிப் பெருக்கி, அதன் உச்சிகளை வெட்டிவிடுகிறது. இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாக வெட்டுப்படும்போது, அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் வரும் புது ஒலிகள் பிறக்கின்றன. கீழ் ஈ 82 ஹெர்ட்ஸ், அதற்கு மேலுள்ள பீ 123. கழித்தால் 41. அதுவும் ஈதான், ஒரு ஸ்தாயி கீழே. நம் தம்புராவின் சட்ஜம், பஞ்சமம் ஜோடிதான் இது. கிதாரில் இல்லாத அடி ஸ்வரத்தை அது தானாக உண்டாக்கிக்கொள்கிறது. மெட்டல் கிதாரின் கனத்தில் பெரும்பங்கு இங்கிருந்து வருகிறது.

இப்போது ஜி ஷார்ப்பைச் சேர்ப்போம். ஈயை ஸ என்று வைத்தால் இது அந்தர காந்தாரம். நடுத் தந்திகளில் ஈ 164.8, ஜி ஷார்ப் 207.7, பீ 246.9. அடுத்தடுத்த ஸ்வரங்களைக் கழித்தால் 42.9, 39.2 வருகின்றன. ஏற்கெனவே 41 இருக்கிறது. மூன்றும் அருகருகே நின்று ஒன்றோடொன்று உரசுவதுதான் அந்த ஜல்லிச் சத்தம். தம்புராவில் தானாகக் கேட்கும் துல்லியமான அந்தர காந்தாரமாக இருந்திருந்தால் மூன்று விடையும் 41 ஆகியிருக்கும். கிதாரின் கட்டைகள் காந்தாரத்தைக் கொஞ்சம் தூக்கலாக வைத்துச் செய்யப்பட்டவை. சாதாரணமாக வாசிக்கையில் காது அதை மன்னித்துவிடும். டிஸ்டார்ஷன் மன்னிப்பதில்லை.

ஆனால் காந்தாரம் இல்லாவிட்டால் அது மேஜரா மைனரா என்றே தெரியாது. அங்கேதான் கீபோர்டு வருகிறது. அதன் ஒலி அந்தப் பெடல் வழியாகப் போவதில்லை. அதனால் கிதாரோடு கலந்து புது ஒலிகளைப் பெறுவதில்லை. தம்பி வயலின் கூட்டத்தின் ஒலியை வைத்து மேலே ஜி ஷார்ப்பைப் பிடித்தான், அறை வெளிச்சமானது. விரலை ஒரு கட்டை இறக்கி ஜி-க்கு வந்தான். அதே கிதார், அதே இரண்டு ஸ்வரம், இப்போது துக்கம்.

குரலின் சிக்கல் வேறு. ஆபரா மேடையில் ஆண் பாடகர்கள் 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஆற்றலைக் குவித்து, மைக் இல்லாமலே ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்கிறார்கள். அந்த உயரத்தில் ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலி வெகுவாகத் தணிந்திருக்கும். டிஸ்டார்ஷன் கிதாரோ அங்கேயும் நிரம்பி வழிகிறது. அதனால் ஒலிப்பதிவாளர் கிதார்களை இடம் வலமாகப் பிரித்து, அந்தப் பகுதியில் கொஞ்சம் குறைத்து, நடுவில் குரலுக்கு வழி விடுகிறார்.

சோப்ரானோ எனும் உச்சஸ்தாயிப் பாடகியின் குரலுக்கு இன்னொரு துணை உண்டு. அவர் 880 ஹெர்ட்ஸில் பாடும்போது தாடையை நன்றாகத் திறந்து, வாய்க்குள்ளிருக்கும் காற்றறையின் அதிர்வை அந்த ஸ்வரத்தோடு பொருத்துகிறார். குரல் பல மடங்கு பெருகுகிறது. விலையாக, 'இ'யும் 'உ'வும் 'ஆ' மாதிரி ஆகிவிடுகின்றன. வரிகள் புரியவில்லை என்று என் சித்தி சொல்வதற்குக் காரணம் இதுதான். பாடுபவரின் உச்சரிப்புக் குறை அல்ல. தவிர, ஆபரா குரல் வினாடிக்கு ஐந்தாறு முறை மேலும் கீழும் அசைகிறது. கிதாரின் ஒலி அசையாமல் நிற்க, சேர்ந்து அசைவதையெல்லாம் ஒரே ஆள் என்று காது தனியாகப் பிரித்துக்கொள்கிறது.

உச்சி வெட்டுவதில் இன்னொன்றும் போய்விடுகிறது: மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றே. உரக்க வாசித்து உச்சத்துக்குப் போக முடியாது. ஆகவே ஏற்ற இறக்கத்தைப் பாட்டின் அமைப்பில்தான் வைக்க வேண்டும். ட்ரீம் தியேட்டர் என்ற மெட்டல் குழு 2005-ல் வெளியிட்ட 'ஆக்டவேரியம்' என்ற பாட்டு 24 நிமிடம். தொடக்கத்தில் சில நிமிடங்களுக்கு அவர்களின் கீபோர்டு கலைஞர் ஜோர்டன் ரூடஸ் மெதுவாக வாசித்துக்கொண்டு போகிறார். அந்த அமைதியைக் கேட்ட காதுக்குத்தான் பிறகு வரும் கிதார் பெரிதாகப் படுகிறது.

அல்சூர் பையன்களும் இதைச் செய்து பார்த்தார்கள். எட்டுத் தாளவட்டம் எல்லோரும் நிறுத்தினார்கள். கீபோர்டில் ஜி மட்டும் ஒலித்தது. புதுப் பையன் பெடலின் மேல் காலை வைத்து, தம்பியின் தலையசைப்புக்காகக் காத்திருந்தான்.