அரை மணி நேரத்தில் எந்தக் குணம் தெரியும்?

1920-ல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் ராணுவத்தின் மதிப்பெண் தாள்களை ஆராய்ந்து ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அதிகாரிகள் தமக்குக் கீழே இருந்த வீரர்களுக்கு உடலமைப்பு, அறிவு, தலைமைத் திறன், நற்குணம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டிருந்தார்கள். விமானப் பயிற்சியில் இருந்த ஒரு குழுவின் தாள்களில், அறிவுக்கும் நற்குணத்துக்கும் இடையே 0.64, அறிவுக்கும் தலைமைக்கும் இடையே 0.58 என்று ஒட்டுறவு வந்தது. ஒட்டுறவு 1 என்றால் இரண்டும் முழுக்கச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன, 0 என்றால் தொடர்பே இல்லை. அறிவும் தலைமையும் ஓரளவு சேர்ந்து வருவது இயல்புதானே என்று கேட்கலாம். சரி, ஆனால் வேறு மூன்று அதிகாரிகளின் தாள்களில் உடலமைப்புக்கும் அறிவுக்கும்கூடச் சராசரியாக 0.31 வந்திருந்தது. வாட்டசாட்டமாக இருப்பவர் புத்திசாலியாகவும் இருக்க அவ்வளவு வலுவான காரணம் எதுவும் கிடையாது. அப்படியென்றால் அந்த எண் வீரர்களிடமிருந்து வரவில்லை, மதிப்பெண் போட்டவர்களிடமிருந்து வந்திருக்கிறது. ஒருவரைப் பற்றி மனதில் விழுந்த பொதுவான நல்லெண்ணம் ஒவ்வொரு கட்டத்திலும் கசிந்துவிட்டது. இதைத்தான் ஒளிவட்ட விளைவு என்கிறோம்.

இது நமக்குத் தெரியாமலே நடக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. 1977-ல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் இருவரும் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஓர் ஆசிரியரின் பேட்டியைக் காட்டினார்கள். அவர் பெல்ஜியத்து உச்சரிப்பில் ஆங்கிலம் பேசுபவர். ஒரு காணொளியில் கனிவாகவும் இன்னொன்றில் கடுகடுப்பாகவும் பதில் சொன்னார். ஆள் ஒருவர்தான், முகமும் உச்சரிப்பும் மாறவில்லை. ஆனாலும் கனிவானவரைப் பார்த்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு அவருடைய தோற்றம் பிடித்திருந்தது, கடுகடுப்பானவரைப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அதே தோற்றமும் உச்சரிப்பும் எரிச்சலூட்டின. அவரைப் பிடிக்காமல் போனதால்தான் உச்சரிப்புக்குக் குறைவாகப் போட்டீர்களா என்று கேட்டபோது இல்லை என்றார்கள். கடுகடுப்பானவரைப் பார்த்தவர்கள் அதைத் தலைகீழாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்: உச்சரிப்பு பிடிக்காததால்தான் ஆளைப் பிடிக்கவில்லை என்று நம்பினார்கள். “நான் பாரபட்சம் பார்க்க மாட்டேன்” என்று ஒரு மேலாளர் மனதாரச் சொல்வதை இதனால்தான் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

இனி வேலைக்கான நேர்காணலுக்கு வருவோம். நிறுவன நடத்தையியல் பாடத்தில் ஆளுமையை ஐந்து பெரும் பண்புகளாகப் பிரிப்பார்கள்: கலகலப்பாகப் பழகும் புறமுகத்தன்மை, இணக்கம், பொறுப்புணர்வு, உணர்ச்சிச் சமநிலை, புதியவற்றுக்கு இடம்தரும் மனம். 1991-ல் மர்ரே பாரிக், மைக்கேல் மவுன்ட் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்லா வகை வேலைகளிலும் செயல்திறனோடு தொடர்ந்து ஒட்டி வந்த பண்பு பொறுப்புணர்வுதான். சொன்ன நேரத்தில் முடிப்பது, விட்டுப்போனதைத் திரும்பிப் பார்ப்பது, யாரும் பார்க்காதபோதும் ஒழுங்காகச் செய்வது எல்லாம் இதில் அடங்கும். புறமுகத்தன்மை மேலாளர் வேலையிலும் விற்பனையிலும் ஓரளவு உதவியது.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. அரை மணி நேர நேர்காணலில் முதலில் கண்ணில் படுவது புறமுகத்தன்மை. உள்ளே வரும் விதம், கைகுலுக்கல், சளைக்காத பேச்சு எல்லாம் உடனே தெரிந்துவிடும். பொறுப்புணர்வோ வாரக்கணக்கில் கூட வேலை பார்த்தால்தான் தெரியும். நேர்காணல் செய்பவர்கள் எந்தப் பண்பை எவ்வளவு சரியாகக் கணிக்கிறார்கள் என்று பாரிக்கும் சகாக்களும் 2000-ல் சோதித்தபோதும், மற்றப் பண்புகளைவிடப் பொறுப்புணர்வையும் உணர்ச்சிச் சமநிலையையும் கணிப்பதில்தான் தடுமாற்றம் தெரிந்தது. ஆக, எளிதில் தெரியும் பண்பு ஒளிவட்டமாகி, தெரியாத பண்புக்கும் சேர்த்து மதிப்பெண் வாங்கிக் கொடுத்துவிடுகிறது.

வேலையில் சேர்ந்த பிறகும் இது தொடரும். காப்பீட்டு அலுவலகம் ஒன்றை வைத்துக்கொள்வோம். மேலாளர் ஆண்டு மதிப்பீட்டில் பேச்சுத்திறன், நேரம் தவறாமை, ஆவணத் துல்லியம், வாடிக்கையாளரைப் பின்தொடர்தல் ஆகிய நான்குக்கும் ஐந்துக்கு எத்தனை என்று போடுகிறார். செல்வத்துக்கு 5, 4, 5, 5. கவிதாவுக்கு 2, 3, 3, 3. செல்வம் கூட்டங்களில் கலகலப்பாகப் பேசுவார், கவிதா கேட்டால்தான் பேசுவார். இப்போது வருகைப் பதிவையும் திரும்பி வந்த படிவங்களையும் எடுத்துப் பார்க்கிறோம். செல்வம் மாதத்தில் ஆறேழு நாள் தாமதம், அவர் அனுப்பிய நூறு படிவங்களில் பதினான்கு பிழையோடு திரும்பியிருக்கின்றன. கவிதாவுக்குத் தாமதம் எப்போதாவது ஒரு நாள், திரும்பியவை மூன்று. மேலாளர் பொய் சொல்லவில்லை. பேச்சுத்திறனுக்கு அவர் போட்டது நியாயமான மதிப்பெண்ணே. அடுத்த கட்டங்களை நிரப்பும்போது அவர் மனம் பதிவேட்டுக்குப் போகாமல், ஏற்கெனவே உருவான எண்ணத்திடமே விடை கேட்டிருக்கிறது.

தாளைப் பார்த்தே இதைச் சந்தேகிக்க ஒரு வழி உண்டு: ஒருவருக்குப் போட்ட எண்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றால் கவனிக்க வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. சிலர் உண்மையிலேயே எல்லாவற்றிலும் நன்றாகச் செய்பவர்கள். அதனால் கவிதா கதையில் செய்ததுபோல, எண்ணிப் பார்க்கக்கூடிய ஏதாவதொரு பதிவோடு ஒப்பிட்டால்தான் முடிவுக்கு வர முடியும்.

மதிப்பீட்டைக் கெடுக்கும் இன்னொரு பிழையான ஸ்டீரியோடைப் வேலை செய்யும் பாதை வேறு. ஒளிவட்டம் அந்த ஆளிடமே கண்ட ஒரு குணத்திலிருந்து கிளம்புகிறது. ஸ்டீரியோடைப்போ அவர் சேர்ந்த கூட்டத்தைப் பற்றிய எண்ணத்திலிருந்து கிளம்புகிறது, அதற்கு ஆளைப் பார்க்கவே வேண்டாம். சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் கண்கூடாகக் காட்டியது. இந்தியாவில் செய்தித்தாள்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, சமமான படிப்பும் அனுபவமும் கொண்ட விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் என்று மாறும். நேர்காணலுக்கு அழைப்பு வரும் சாத்தியத்தை உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டபோது, தலித் பெயருக்கு அது சுமார் 0.67 மடங்காகவும் முஸ்லிம் பெயருக்கு 0.33 மடங்காகவும் இருந்தது. பெயரைத் தவிர அங்கே வேறு எதுவும் பேசவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் கதவு திறக்காதவருக்குத் தன் பொறுப்புணர்வைக் காட்ட அரை மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை.

இந்த இரண்டு பிழைகளையும் மனவுறுதியால் மட்டும் தடுத்துவிட முடியாது, வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டும். முதல் கட்டத்தில் விண்ணப்பத்தின் பெயரை மறைத்துவிடலாம். நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் உடனே மதிப்பெண் எழுதிவிடலாம். ஆண்டு மதிப்பீட்டில் ஆள்வாரியாகப் போகாமல் கட்டம்வாரியாகப் போகலாம்: முதலில் எல்லோருடைய நேரம் தவறாமை, அப்புறம் எல்லோருடைய ஆவணத் துல்லியம். விடைத்தாள் திருத்துபவர்கள் சிலர் முதல் கேள்வியை எல்லாத் தாள்களிலும் திருத்தி முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போவார்களே, அதே முறைதான்.

பொறுப்புணர்வை அளக்க ஆளுமை வினாத்தாள் கொடுத்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வேலை தேடி வந்தவர் “நான் ஒழுங்கானவன்” என்ற வரிக்கு நேரே எதைக் குறிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். அது போக, பாரிக், மவுன்ட் கணக்குப்படி பொறுப்புணர்வுக்கும் செயல்திறனுக்கும் உள்ள ஒட்டுறவே புள்ளியியல் திருத்தங்களுக்குப் பிறகு 0.2-ஐச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். மவுன்ட் குழுவினர் 1994-ல் விற்பனையாளர்களை வைத்துச் செய்த ஆய்வில், மேலதிகாரியும் சக ஊழியரும் வாடிக்கையாளரும் ஒருவரைப் பற்றிச் சொன்னது, அவர் தன்னைப் பற்றிச் சொன்னதைத் தாண்டியும் கூடுதல் தகவல் தந்தது. ஆனால் அவர்கள் கண்ணிலும் ஒளிவட்டம் விழலாம். ஆகவே பழைய நிறுவனத்தில் விசாரிக்கும்போது “ஆள் எப்படி?” என்று கேட்காமல், “கடைசியாக ஒரு கெடு தள்ளிப்போனபோது இவர் என்ன செய்தார், எப்போது உங்களிடம் சொன்னார்?” என்று, வெவ்வேறு இடத்தில் அவரோடு வேலை பார்த்த இருவரிடம் தனித்தனியாகக் கேட்பது நல்லது.